மலைச்சரிவு ஹோம்ஸ்டேக்கு விளம்பர வாசகம்: அமைதியையும் வீட்டுச் சாப்பாட்டையும் எழுதி விற்கும் முறை

"பனி தவழும் மலைகள், பச்சைப் பசேலென்ற பள்ளத்தாக்கு, இயற்கையின் மடியில் மறக்க முடியாத அனுபவம்." என்னிடம் வந்த ஒரு ஹோம்ஸ்டேயின் பழைய அறிமுகம் இப்படித் தொடங்கியது. வீட்டின் பெயரை எடுத்துவிட்டு, எதிர்ச்சரிவில் இருக்கும் 40 அறை ரிசார்ட்டின் பெயரைப் போட்டுப் பார்த்தேன். ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. மலையும் பனியும் இருவருக்கும் பொதுச் சொத்து. ரிசார்ட்டுக்கு அதற்கு மேல் நீச்சல் குளமும் இருக்கிறது. காட்சியை விற்கப் போனால் இந்த வீடு தோற்பது உறுதி.

வீட்டில் மூன்றே அறைகள். கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள், அந்த அம்மாதான் சமையல். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். புக்கிங் ஓரளவு வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் வந்தவர்கள் தவறான ஆட்கள். ஒரு கூட்டம் ஸ்பீக்கரோடு வந்தது. ஒரு குடும்பம் இரவு பத்து மணிக்கு வந்து மெனு கார்டு கேட்டது. இரண்டு தரப்பும் போகும்போது இரண்டு நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. 'மறக்க முடியாத அனுபவம்' என்று படித்துவிட்டு வருபவர் ஸ்பீக்கரைக் கொண்டுவருவதில் என்ன ஆச்சரியம்?

இந்த வீட்டுக்கு எழுதிய வழியைத்தான் கீழே படிப்படியாகச் சொல்லப்போகிறேன். 'அமைதி', 'வீட்டுச் சாப்பாடு' என்ற இரண்டு சொற்களையும் இன்று எல்லோரும் எழுதிவிட்டார்கள், படிப்பவர் யாரும் நம்புவதில்லை. அவை நம்பும்படி ஆவது, அவற்றுக்கான காரணத்தை எழுதும்போதுதான். அந்தக் காரணம் பெரும்பாலும் வீட்டுக்காரர் மறைக்க நினைக்கும் ஒரு குறையாக இருக்கும்.

படி 1: எழுதுவதற்கு முன் ஒரு இரவு தங்கிக் காது கொடுங்கள்

பகலில் போய்ப் பார்த்துவிட்டு வந்து 'அமைதியான சூழல்' என்று எழுதிவிடாதீர்கள். மலைச்சரிவில் பகல் வேறு, இரவு வேறு. பகலில் வெயிலால் தரை சூடாகி, தரையை ஒட்டிய காற்றும் சூடாக இருக்கும். அப்போது ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். மேகமில்லாத, காற்றடிக்காத இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். கீழே குளிர்ந்த காற்று, மேலே வெதுவெதுப்பான காற்று என்று அடுக்கு தலைகீழாகும். அந்த நேரத்தில் ஒலி கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் போகும். பகலில் காதுக்கே எட்டாத பள்ளத்தாக்குச் சாலை, இரவு இரண்டு மணிக்கு ஜன்னலுக்கு வெளியே ஓடுவது போல இருக்கும். சமவெளி என்றால் நடுவில் நாலு கட்டடமாவது மறைக்கும். சரிவில் இருக்கும் வீட்டுக்கும் கீழே போகும் சாலைக்கும் நடுவில் பல இடங்களில் ஒன்றுமே இருக்காது.

அதனால் தெளிவான வானமுள்ள ஒரு இரவில் தங்கி, மாலை ஆறு மணி முதல் காலை எட்டு மணி வரை கேட்டதையெல்லாம் நேரத்தோடு குறித்தேன். விடிய விடிய உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. தூக்கம் கலையும்போதெல்லாம் எழுதிக்கொண்டால் போதும், கலையாமல் தூங்கிவிட்டால் அதுவும் ஒரு தகவல்தான். என் நோட்டில் இருந்தது இது:

மாலை 7.40, கீழ் வீட்டு நாய், ஐந்து நிமிடம். இரவு 9.20-க்கு மேல் பூச்சிச் சத்தம் மட்டும். 11.00, முன் அறையில் ஒரு முனகல், விட்டு விட்டு. 2.10, சாலையில் ஏறும் லாரி, ஒரு நிமிடத்துக்குக் குறைவு. 4.55, சேவல். 6.00, தண்ணீர் மோட்டார், இருபது நிமிடம்.

அந்தப் பதினோரு மணி முனகல் எது என்று தேடினால், சமையலறையில் இருந்த ஃபிரிட்ஜ். முன் அறையும் சமையலறையும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. போனில் ஒலி அளக்கும் செயலியை வைத்து, கட்டிலின் தலைமாட்டில் பார்த்தேன். ஃபிரிட்ஜ் ஓடும்போது 38 டெசிபல், நின்றபோது 31. உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தூக்கம் கெடாமல் இருக்கப் படுக்கையறையில் தொடர்ச்சியான சத்தம் 30 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அதோடு ஒப்பிட்டால் 31 அந்த எல்லையை ஒட்டிய அளவு. 10 டெசிபல் கூடினால் நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும் என்பார்கள், ஆகவே 38 என்பது லேசான விஷயமில்லை.

இந்த எண்களை விளம்பரத்தில் போட வேண்டாம். போன் மைக் இவ்வளவு தாழ்ந்த சத்தத்தைத் துல்லியமாக அளக்காது. ஒரே போனை வைத்து 'இந்த அறையா, அந்த அறையா', 'மோட்டாரோடா, இல்லாமலா' என்று ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் அது உதவும். 'எங்கள் அறையில் 31 டெசிபல்தான்' என்று எழுதினால், ஒருவர் தன் போனில் 36 பார்த்துவிட்டு அதையே ரிவ்யூவாக எழுதுவார்.

குறித்த பட்டியலை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சரிசெய்யக்கூடியவை, சரிசெய்ய முடியாதவை, விருந்தினர் விரும்பக்கூடியவை. ஃபிரிட்ஜை எதிர்ச்சுவருக்கு நகர்த்தி, காலுக்கு அடியில் ரப்பர் வைத்தார்கள். மோட்டாரைக் காலை ஒன்பதரைக்கு மாற்றினார்கள். இவை எதுவும் எழுத்தில் வராது, ஆனால் இவற்றைச் செய்யாமல் எழுதியிருந்தால் எழுத்து பொய்யாகியிருக்கும். லாரியையும் சேவலையும் ஒன்றும் செய்ய முடியாது, அவை எழுத்தில் வரும். வரத்தான் வேண்டும்.

படி 2: அமைதிக்கு யார் காரணம் என்று கேளுங்கள்

இரவு 9.20-க்கு மேல் இவ்வளவு அடங்கிப் போகிறதே, ஏன்? வீட்டுக்காரரிடம் கேட்டால் 'மலைதானே தம்பி' என்றார். அது பதில் இல்லை, எதிரில் இருக்கும் ரிசார்ட்டும் மலையில்தான் இருக்கிறது, அங்கே இரவு பதினொன்று வரை வண்டிகள் வந்து போகின்றன.

உண்மையான காரணம் வாசலில் இருந்தது. வண்டி வீடு வரை வராது. கீழே நிறுத்திவிட்டு 86 கற்படி ஏற வேண்டும். 'இதை எழுத வேண்டாம் தம்பி, ஆள் வரமாட்டார்கள்' என்று அவர் முதல் நாளே சொல்லிவைத்திருந்தார். பழைய விளம்பரத்தில் '5 நிமிட நடை' என்று பூசி மெழுகியிருந்தார்கள். ஆனால் அந்த 86 படிதான் வாசலில் ஹாரன் கேட்காமல் காப்பாற்றுகிறது. நள்ளிரவில் ஹெட்லைட் ஜன்னலில் அடிக்காததற்கும் அதுதான் காரணம். இப்படியே தேடிப் போனதில் இன்னும் இரண்டு கிடைத்தன. அறை மூன்றே என்பதால் ஒரே நேரத்தில் ஆறு விருந்தினருக்கு மேல் வீட்டில் இருக்க வாய்ப்பில்லை. டிவி எந்த அறையிலும் இல்லை.

எல்லா வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும் என்று என் அனுபவத்தில் சொல்வேன். சிக்னல் பலவீனம், சாலையின் கடைசித் திருப்பத்துக்கு அப்பால் இருப்பது, அறை குறைவு, மாலையில் வெளியே போக இடமில்லாதது. காரணம் ஒன்றுகூட அகப்படவில்லை என்றால், அந்த வீடு உண்மையிலேயே அமைதியானதா என்று சந்தேகப்படுங்கள். பக்கத்து மனை காலியாக இருப்பது மட்டுமே காரணம் என்றால் அதை நம்பி எழுத வேண்டாம். அங்கே கட்டட வேலை தொடங்கிய மறுநாளே உங்கள் எழுத்து காலாவதி.

படி 3: சமையலறையில் அரை நாள் உட்காருங்கள்

'வீட்டுச் சாப்பாடு' என்று சாலையோர உணவகங்களே போர்டு வைத்துவிட்டன. அந்தச் சொல்லுக்கு இனி தனியாக மதிப்பில்லை. 'அன்போடு பரிமாறப்படும்', 'கைப்பக்குவம்', 'பாரம்பரியச் சுவை' இவையும் அதே கதிதான். சமையலறையில் என்ன நடக்கிறது என்று பார்த்து எழுதினால்தான் இது வீடு என்று படிப்பவருக்குப் புரியும்.

நான் அந்த அம்மாவிடம் 'உங்கள் ஸ்பெஷல் என்ன?' என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் விருந்துக்குச் செய்யும் அயிட்டங்களின் பட்டியல்தான் வரும், அதை ஹோட்டலும் கொடுக்கும். கேட்டவை வேறு. நீங்கள் இருவர் மட்டும் இருக்கும் நாளில் என்ன சமைப்பீர்கள்? விருந்தினர் வந்தால் அதில் என்ன மாறும்? எத்தனை மணிக்கு அடுப்பு பற்றவைப்பீர்கள்? எதைச் செய்யச் சொன்னால் முடியாது என்பீர்கள்? சாப்பிடும்போது நீங்கள் எங்கே இருப்பீர்கள்?

கடைசிக் கேள்விக்கு அவர், 'எங்கே இருப்பேன், கூடத்தான் உட்காருவேன். இல்லாவிட்டால் அவர்களுக்குப் போதுமா என்று எப்படித் தெரியும்?' என்றார். ஒரு பத்திக்கான விஷயம் அந்த ஒரு பதிலில் இருந்தது.

முடியாது என்பதற்கான பதில் இன்னும் பயனுள்ளதாக இருந்தது. 'திடீரென்று வந்து ராத்திரிக்குப் பயறு வேண்டும் என்றால் முடியாது தம்பி. முந்தைய நாளே ஊறப்போட வேண்டும், இங்கே வேகவும் நேரமாகும்.' இது அவருடைய சோம்பலோ சாக்கோ இல்லை. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். கடல் மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிப்பது, 1,500 மீட்டரில் ஏறக்குறைய 95-இலேயே கொதிக்கும். அதற்கு மேல் சூடு ஏறாது. ஐந்து டிகிரி தானே என்று தோன்றும், ஆனால் சாதாரணப் பானையில் வேகும் பயறுக்கு அது பெரிய வித்தியாசம். பிரஷர் குக்கர் வைத்தால் சீக்கிரம் முடியும். அவர் விறகடுப்பில், மூடி போட்ட பானையில்தான் வைக்கிறார். ஆக, 'சாப்பாட்டை முதல் நாளே சொல்லிவிடுங்கள்' என்ற விதியும் மலையிலிருந்துதான் வருகிறது. காட்சியை விட்டுவிட்டு மலையை எழுதுவது என்றால் இப்படித்தான்.

சமையலறையில் இருக்கும்போதே உறுதிசெய்ய வேண்டிய ஒன்று உண்டு. என்னென்ன ஆண்டு முழுக்கக் கிடைக்கும், என்னென்ன பருவத்துக்கு மட்டும்? 'தோட்டத்துக் காய்கறி' என்று எழுதியிருந்தார்கள். தோட்டத்தில் அப்போது இருந்தவை பூசணியும் கீரையும் மட்டும். உருளைக்கிழங்கும் வெங்காயமும் வெளியிலிருந்து வருகின்றன. அப்படியானால் 'பூசணியும் கீரையும் தோட்டத்திலிருந்து, மற்றவை சந்தையிலிருந்து' என்றே எழுதலாம். பொய்யும் இல்லை, படிப்பவர் கண்ணுக்குப் பூசணிக் கொடியும் தெரியும்.

படி 4: யார் வரக்கூடாது என்று முடிவு செய்யுங்கள்

இதற்கு வீட்டுக்காரரை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் எனக்கு எப்போதும் கஷ்டம். மூன்று அறை வீட்டில் ஒரு தவறான புக்கிங் மற்ற இரண்டு அறைகளையும் கெடுத்துவிடும். 40 அறை ரிசார்ட்டில் ஒரு சத்தக்காரக் கூட்டம் வந்தால் அது ஒரு மூலை. இங்கே அதுவே வீடு முழுக்க. அமைதி வாங்க வந்தவர், அமைதி கிடைக்காமல் போனால் எழுதும் ரிவ்யூ மற்ற எல்லா ரிவ்யூவையும் விடக் கடுமையாக இருக்கும், ஏனென்றால் அவர் வாங்கிய பொருளே வந்து சேரவில்லை.

இந்த வீட்டுக்கு நாங்கள் மூன்று வகையினரை எழுத்தாலேயே திருப்பி அனுப்ப முடிவு செய்தோம். கூட்டமாகக் கொண்டாட வருபவர்கள், ஒரே நாளில் ஏழு இடம் பார்க்க வருபவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள். மூன்றாவது வகையினருக்கு வீடு பிடிக்கவே செய்யும். ஆனாலும் 86 படியைப் பணம் கட்டிய பிறகு வாசலில் நின்று தெரிந்துகொள்வது அநியாயம்.

படி 5: எழுதுங்கள்

இப்போதுதான் கணினியைத் திறக்கிறோம். தலைப்பிலிருந்து வேண்டாம், அமைதிப் பத்தியிலிருந்து தொடங்குங்கள். தலைப்பு அதிலிருந்தே கிடைக்கும்.

என் முதல் வரைவு இது: "நகரத்தின் இரைச்சலிலிருந்து விடுபட்டு, முழுமையான அமைதியை அனுபவியுங்கள்." பதினைந்து வருடமாக எழுதுகிறேன், இருந்தாலும் கை முதலில் இதைத்தான் எழுதும். இதில் என்ன தப்பு? 'முழுமையான' என்ற சொல் ஒரு நாய் குரைத்தாலே உடைந்துவிடும். 'அனுபவியுங்கள்' என்று கட்டளை போட்டால் யாரும் அனுபவிப்பதில்லை. தவிர, இந்த வீட்டைப் பற்றி இதில் ஒரு தகவலும் இல்லை. அடித்துவிட்டு எழுதியது:

> சாலை எங்கள் வீட்டுக்கு 86 படி கீழேயே நின்றுவிடுகிறது. அதனால் வாசலில் வண்டிச் சத்தம் கிடையாது. அறைகள் மூன்றுதான், எதிலும் டிவி இல்லை. இரவு ஒன்பதரைக்கு மேல் கேட்பது பூச்சிகளின் சத்தமும், எப்போதாவது கீழ்ச்சாலையில் மேடேறும் லாரியும். விடியற்காலை ஐந்து மணிக்குச் சேவல் கூவும், அதற்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. லேசான தூக்கம் உள்ளவர்கள் பின் அறையைக் கேளுங்கள்.

இதில் 'அமைதி' என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். காரணம் முதலில், அதன் விளைவு பிறகு, மீதமிருக்கும் சத்தம் நேரத்தோடு, கடைசியில் ஒரு தீர்வு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். சேவலை முதல் வரியில் வைத்தால் எச்சரிக்கைப் பலகை மாதிரி ஆகிவிடும். கடைசிக்கு முந்தைய வரியில் வரும்போது, இவ்வளவு சின்னதைக்கூடச் சொல்கிறார்களே என்று முன்னால் சொன்னதெல்லாம் நம்பிக்கை பெறும். சேவல் கூவியதாக ஒருவர் ரிவ்யூ எழுதினாலும், அடுத்து படிப்பவர் 'அதைத்தான் சொல்லியிருந்தார்களே' என்று கடந்துபோவார்.

அடுத்து சாப்பாடு:

> எங்களுக்குச் சமைப்பதுதான் உங்களுக்கும், ஒரே பானை. மெனு கிடையாது. பூசணியும் கீரையும் தோட்டத்திலிருந்து, மற்றவை வாரச் சந்தையிலிருந்து. பயறு வேண்டுமென்றால் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள்: ஊற வேண்டும், இந்த உயரத்தில் வேகவும் நேரம் எடுக்கும். இரவுச் சாப்பாடு ஏழரைக்கு, சமையலறையில் ஒரே மேஜையில். நாங்களும் கூட உட்காருவோம். தனியாகச் சாப்பிட வேண்டும் என்றால் தட்டை வராந்தாவுக்குக் கொண்டுபோகலாம், தப்பாக நினைக்க மாட்டோம்.

கடைசி வரியை நான் இரண்டு நாள் கழித்துச் சேர்த்தேன். அமைதி தேடி வருபவர்களில் பாதிப்பேர் முன்பின் தெரியாதவர்களோடு மேஜையில் உட்கார்ந்து பேச விரும்பாதவர்கள். 'நாங்களும் கூட உட்காருவோம்' என்பது ஒருவருக்கு அழைப்பாகவும் இன்னொருவருக்கு மிரட்டலாகவும் படும். அமைதியையும் வீட்டுச் சாப்பாட்டையும் சேர்த்து விற்கும்போது இந்த இடத்தில்தான் இரண்டும் முட்டிக்கொள்ளும். வராந்தா அதற்கு வழிவிடுகிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு வழி இல்லையென்றால், எழுதுவதற்கு முன் ஒன்றை ஏற்பாடு செய்யுங்கள்.

காட்சியை அடியோடு விட்டுவிடலாமா என்று கேட்பார்கள். ஒரு வரி போதும், அதையும் உட்காரும் இடத்தோடு கட்டிவிடுங்கள். "வராந்தா பெஞ்சில் இரண்டு பேர் உட்காரலாம், எதிரே பள்ளத்தாக்கு." பெஞ்ச் உங்களுடையது. பள்ளத்தாக்கு எல்லோருடையது.

அப்புறம் 'இங்கே இல்லாதவை' என்று ஒரு சின்னப் பகுதி. எதிர்மறையாக இருக்கிறதே என்று பலர் இதை எடுத்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் முழு எழுத்திலும் அதிகம் உழைக்கும் பகுதி இதுதான்:

> டிவி இல்லை. ஸ்பீக்கருக்கு அனுமதி இல்லை, வெளியிலும்கூட. கேம்ப் ஃபயர் இல்லை. பத்து மணிக்கு மேல் சாப்பாடு இல்லை. 86 படிக்கு வேறு வழி இல்லை. பெட்டிகளை நாங்கள் தூக்கி வருவோம், ஆட்களைத் தூக்க முடியாது.

கடைசி வரியை வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார், அப்படியே எடுத்துக்கொண்டேன். இந்தப் பட்டியலில் மன்னிப்புக் கேட்கும் தொனி கூடாது. 'வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்' என்று தொடங்கினால், இல்லாததெல்லாம் குறையாகவே நின்றுவிடும்.

இனி தலைப்பு. பத்து எழுதி ஒன்பதை அடித்தேன். நின்றது: "86 படிக்கு மேலே, மூன்று அறை, ஒரே பானை." அழகாக இருக்கிறதா என்று தெரியாது. ரிசார்ட்டால் இதைத் திருட முடியாது, அது போதும்.

நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில் அறிமுகத்துக்கு 750 குறியெழுத்துகள் வரைதான் இடம். தமிழில் எழுதுபவர்கள் இங்கே ஏமாந்துபோகிறோம், ஏனென்றால் நாம் எண்ணுவது போலக் கணினி எண்ணுவதில்லை. 'அமைதி' நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு அ, ம, ஐகாரக் குறி, த, இகரக் குறி என்று ஐந்து. ஆகவே 750 என்பது தமிழில் சுமார் எண்பது சொல். அமைதிப் பத்தியையும் சாப்பாட்டுப் பத்தியையும் முழுதாக அங்கே திணிக்க முடியாது. ஒவ்வொன்றிலிருந்தும் காரணம் சொல்லும் வரிகளை மட்டும் எடுத்துப் போடுங்கள். வெட்டும்போது சேவலைத்தான் முதலில் வெட்டத் தோன்றும். அதை விட்டுவைத்து, பெஞ்சை வெட்டுங்கள்.

படி 6: புகைப்படமும் அதன் கீழ் வரியும்

எழுத்து ஒன்று சொல்ல, படம் இன்னொன்று சொன்னால் படம்தான் ஜெயிக்கும். பழைய பக்கத்தில் முதல் ஆறு படங்களும் சூரிய உதயம். அவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, கீழிருந்து மேலே பார்க்கும் படிகளை முதல் படமாகப் போட்டோம். இரண்டாவது, அடுப்பில் கரி பிடித்த பானை, துலக்கி வைக்காமல் சமைக்கும்போது எடுத்தது. படத்தின் கீழே 'எங்கள் சமையலறை' என்று எழுதினால் வீண், அது கண்ணுக்கே தெரிகிறது. படத்தில் தெரியாததை எழுதுங்கள்: "மாலை ஐந்து மணி. ஏழரைச் சாப்பாட்டுக்கான பயறு."

படி 7: புக்கிங் ஆன பிறகு போகும் செய்தி

பலர் விளம்பரம் முடிந்ததும் எழுத்து முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அறிமுகத்தை எல்லோரும் முழுதாகப் படிப்பதில்லை. ஒருவர் புக் செய்வார், கூட வரும் மூவர் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கும் போய்ச் சேர வேண்டியதைச் சுருக்கமாக வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். விதிகளின் பட்டியலாக அனுப்பினால் பள்ளிக்கூட அறிக்கை மாதிரி இருக்கும். கேள்விகளாக மாற்றிவிட்டால் பதில் வரும், பதில் எழுதும்போதே விதியும் மனதில் பதியும்:

> வணக்கம். வெள்ளிக்கிழமை உங்களை எதிர்பார்க்கிறோம். நான்கு விஷயம் மட்டும் சொல்லுங்கள். ஏழரைக்குள் வந்துவிடுவீர்களா, தாமதமானால் சாப்பாட்டை எடுத்து வைக்கட்டுமா? யாருக்காவது ஒவ்வாமை, ஆகாத உணவு உண்டா? சனிக்கிழமைக்குப் பயறு ஊறப்போடட்டுமா? 86 படி ஏறுவதில் யாருக்காவது சிரமம் இருக்குமா? ஸ்பீக்கர் மட்டும் வீட்டிலேயே இருக்கட்டும்.

நான்காவது கேள்விக்கு 'அம்மாவுக்கு முழங்கால் வலி' என்று பதில் வந்தால், தயங்காமல் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். தேதி மாற்றினால் படி குறையப் போவதில்லை. ஒவ்வாமைக் கேள்வியை எந்தக் காரணத்துக்காகவும் விடக்கூடாது. மெனு இல்லாத ஒரே பானைச் சமையலில், இதை உண்ண முடியாதவருக்கு மாற்று எதுவும் தயாராக இருக்காது.

படி 8: வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்

புக்கிங் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். முதல் மாதத்தில் அது குறையவும் செய்யலாம், ஆட்களைத் திருப்பி அனுப்பத்தானே எழுதியிருக்கிறோம். விசாரிப்பவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். முன்பு வந்த கேள்விகள்: வ்யூ எப்படி, பக்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது, இத்தனை பேர் ஒரே அறையில் தங்கலாமா. புதிய எழுத்து வந்த பிறகு: பின் அறை காலியா, மூன்று நாளும் வீட்டிலேயே இருக்கலாமா, படியில் விளக்கு உண்டா.

படி விளக்கைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒரே கேள்வி மூன்று முறை வந்தால் எழுத்தில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். "படியில் பத்துக்கு ஒரு விளக்கு, மழையில் வழுக்கும், பிடித்து நடக்கக் கம்பி உண்டு" என்று சேர்த்தோம். ரிவ்யூவிலும் இதே மாதிரி. 'எதிர்பார்க்கவில்லை' என்ற சொல் எங்கே வந்தாலும், புகழ்ச்சியாகவே இருந்தாலும், அந்த விஷயம் எழுத்தில் இல்லை என்று அர்த்தம். ஒருவர் 'காலையில் இவ்வளவு குளிரும் என்று எதிர்பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தார். கம்பளியைப் பற்றி நாங்கள் ஒரு சொல்கூட எழுதியிருக்கவில்லை.

ஆண்டுக்கு இரண்டு தடவையாவது அந்த இரவுக் குறிப்பை வீட்டுக்காரரையே மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் ஓடைச் சத்தம் லாரியை மூடிவிடும், வறண்ட மாதங்களில் லாரி மறுபடி தலைகாட்டும். கீழே புதுக் கட்டடம் வரலாம், பக்கத்து வீட்டில் மோட்டார் வரலாம்.

போன மாதம் அந்த அம்மா போன் செய்தார். 'தம்பி, சேவல் இப்போது இல்லை. அந்த வரியை எடுத்துவிடுகிறாயா?'

'என்ன ஆச்சும்மா?'

'வயசாகிவிட்டது, போய்விட்டது.'

'கீழ் வீட்டில் ஒன்று இருந்ததே?'

கொஞ்ச நேரம் பேச்சில்லை. 'அது இருக்கிறது. ஆனால் அது ஐந்தரைக்குத்தான் கூவும்.'

நேரத்தை மட்டும் மாற்றினோம்.